எஃப்.டி. வட்டி கைக்கு வருமுன் மார்ச் 31 வந்துவிட்டால்: கூடியுள்ள வட்டியைக் கணக்கில் ஏற்றும் முழு வழிகாட்டி

கணக்கு எழுதப் புதிதாக வருகிறவர்கள் மார்ச் மாத முடிவில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “பணம்தான் இன்னும் வரலையே சார், அதை எப்படி வருமானம்னு எழுதுறது?” எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் எந்த வரிசையில் எழுதுவது என்பதில்தான் பெரும்பாலும் சறுக்கல் நடக்கிறது. பதிவு இரண்டே வரி. அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டிய வேலைகளே இந்த வழிகாட்டியில் அதிகம்.

கடைசி வரை ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒரு கூட்டாண்மை நிறுவனம், இரும்புச் சாமான் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். 15-11-2024 அன்று வங்கியில் ரூ.20,00,000-ஐ எஃப்.டி.யாகப் போட்டிருக்கிறது. வட்டி ஆண்டுக்கு 7.30%. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி நடப்புக் கணக்கில் விழும். முதல் வட்டி 15-2-2025 அன்று வந்துவிட்டது. அடுத்தது 15-5-2025 அன்று வரும். நடுவில் 31-3-2025 அன்று நிதியாண்டு முடிகிறது.

## 1. முதலில் கணக்கு முறையைக் கேளுங்கள்

நிறுவனம் ரொக்க முறையில் கணக்கு வைத்திருக்கிறதா, அல்லது சேரும்போதே வருமானமாக எழுதும் வணிக முறையிலா? இது தெரியாமல் கால்குலேட்டரைத் தொட வேண்டாம். ரொக்க முறை என்றால் பணம் வந்த நாளில்தான் வருமானம். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவர்களுக்குத் தேவைப்படாது.

நிறுவனச் சட்டத்தின்படி பதிவான கம்பெனிகளுக்கு இந்தத் தேர்வே கிடையாது. வணிக முறை மட்டும்தான். கூட்டாண்மையும் தனிநபர் வியாபாரமும் வருமான வரிச் சட்டத்தின்கீழ் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எடுத்ததை ஆண்டுதோறும் தொடர்ந்து பின்பற்ற வேண்டும். சரக்கைக் கடனுக்கு விற்றதை வணிக முறையில் எழுதிவிட்டு, வட்டியை மட்டும் வந்தபோது எழுதிக்கொள்கிறோம் என்று ஒரே வியாபாரக் கணக்கில் கலப்பது நடைமுறையில் நிறைய நடக்கிறது. அதைத்தான் ஆடிட்டர் முதலில் பிடிப்பார்.

நம் கடை வணிக முறையில் இருக்கிறது. அப்படியானால் கணக்கியல் தரநிலை 9 சொல்வது நேரடியாகப் பொருந்தும்: வட்டி வருமானத்தை, நிலுவையில் உள்ள அசல், வட்டி விகிதம் இரண்டையும் வைத்துக் கால அளவின்படி எடுத்துக்கொள்ள வேண்டும். வட்டி விழும் தேதி எப்போது என்பது இந்த விதிக்குள் வரவே இல்லை. பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை நம் பணம் வங்கியில் வேலை செய்திருக்கிறது. அந்த நாள்களுக்கான வட்டி இந்த ஆண்டினுடையது.

## 2. எடுத்து வைக்க வேண்டியவை

மூன்று காகிதங்கள் போதும். எஃப்.டி. ரசீது அல்லது வங்கி தரும் வைப்பு விவரம், நடப்புக் கணக்கின் ஸ்டேட்மென்ட், வங்கியின் வட்டிச் சான்றிதழ்.

ரசீதில் நாம் தேடுவது தொடங்கிய தேதி, விகிதம், வட்டி எப்படித் தரப்படும் என்ற மூன்றை. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. வட்டி வெளியே வந்து நடப்புக் கணக்கில் விழுமா, அல்லது அசலோடு சேர்ந்து வளருமா என்பதைப் பொறுத்துப் பதிவு மாறும். நம் உதாரணத்தில் வெளியே வருகிறது. சேர்ந்து வளரும் எஃப்.டி.யைப் பற்றித் தனியாக 8-ஆம் பகுதியில் பார்ப்போம்.

வட்டிச் சான்றிதழ் வந்தால் கணக்குப் போடும் வேலையே இல்லை என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். சில சான்றிதழ்களில் அந்த ஆண்டில் கொடுத்த வட்டி மட்டும் இருக்கும். சிலவற்றில் கொடுத்ததும் கூடியுள்ளதும் தனித்தனிக் கட்டங்களில் இருக்கும். இன்னும் சிலவற்றில் எஃப்.டி. தொடங்கிய நாளிலிருந்து மொத்தமாகச் சேர்ந்தது இருக்கும். கடைசி வகையை அப்படியே ஓர் ஆண்டின் வருமானமாக எழுதினால் முன்னைய ஆண்டுகளின் வட்டி இரண்டாம் முறை உள்ளே வந்துவிடும். அதனால் நாமே ஒருமுறை கணக்கிட்டு, பிறகு சான்றிதழோடு ஒப்பிடுவதுதான் நல்லது.

## 3. பழைய பாக்கியைத் தீர்த்துவிட்டுத் தொடங்குங்கள்

புதிய பதிவு போடும் முன் ‘கூடியுள்ள வட்டி’ பேரேட்டைத் திறந்து, ஏப்ரல் 1 அன்று இருந்த தொடக்க இருப்பைப் பாருங்கள். போன ஆண்டு முடிவில் யாராவது இதே போன்ற பதிவைப் போட்டிருந்தால், அந்தத் தொகை இந்த ஆண்டு பணம் வந்தபோது தீர்ந்திருக்க வேண்டும். தீராமல் அப்படியே நின்றால், வந்த முழுப் பணத்தையும் இந்த ஆண்டு வருமானமாக எழுதிவிட்டார்கள் என்று அர்த்தம். ஒரே வட்டிக்கு இரண்டு ஆண்டிலும் வரி கட்டும் நிலை இப்படித்தான் வருகிறது.

இதைச் சரிசெய்வது எளிது. வட்டி வருமானத்தைப் பற்று வைத்து, கூடியுள்ள வட்டியை வரவு வைத்தால் போதும். ஆனால் புதிய தொகையைப் போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். பழையதும் புதியதும் ஒரே பேரேட்டில் கலந்த பிறகு, எது எந்த ஆண்டின் பாக்கி என்று பிரித்துப் பார்ப்பது பெரிய தலைவலி. மூன்று நான்கு ஆண்டுப் பாக்கி அடுக்கடுக்காக நிற்கும் பேரேடுகளும் உண்டு. யாரும் கேட்காததால் அவை சொத்து என்ற பெயரில் ஆண்டுதோறும் இருப்புநிலைக் குறிப்பில் ஏறிக்கொண்டே இருக்கும்.

நம் எஃப்.டி. இந்த ஆண்டுதான் தொடங்கியது. எனவே தொடக்க இருப்பு பூஜ்யம்.

## 4. பிப்ரவரி மாத வரவைச் சரிபாருங்கள்

ஆண்டு முடிவுக் கணக்கைத் தொடங்கும் முன், நடுவில் வந்த வட்டி சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரூ.20,00,000-க்கு 7.30% என்றால் ஓர் ஆண்டுக்கு ரூ.1,46,000. ஒரு காலாண்டுக்கு ரூ.36,500. ஆனால் 15-2-2025 அன்று ஸ்டேட்மென்டில் விழுந்திருப்பது ரூ.32,850 மட்டும். மீதி ரூ.3,650-ஐ வங்கி டி.டி.எஸ். ஆகப் பிடித்துவிட்டது.

புதியவர்கள் ஸ்டேட்மென்டைப் பார்த்து ரூ.32,850-ஐ வட்டி என்று எழுதிவிடுவார்கள். இதில் இரண்டு தவறுகள் சேர்ந்து நிற்கின்றன. வருமானம் குறைகிறது. நமக்காக வங்கி அரசிடம் கட்டிய வரியும் கணக்கிலிருந்து காணாமல் போகிறது. சரியான பதிவு இது:

நடப்புக் கணக்கு — பற்று ரூ.32,850
பெற வேண்டிய டி.டி.எஸ். 2024-25 — பற்று ரூ.3,650
வட்டி வருமானம் — வரவு ரூ.36,500

டி.டி.எஸ். பேரேட்டின் பெயரிலேயே ஆண்டைச் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். அதற்கான காரணம் மார்ச் 31-இல் தெரியும்.

## 5. நாள்களை எண்ணுதல்

இங்கேதான் ஒரு நாள் நழுவும். பிப்ரவரி 15 முதல் மார்ச் 31 வரை எத்தனை நாள்? எக்செல்லில் இரண்டு தேதிகளையும் கழித்தால் 44 வரும். சரியான விடை 45.

வங்கி வட்டி கணக்கிடும்போது பணம் உள்ளே இருந்த இரவுகளை எண்ணுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சேரும், பணம் வெளியேறும் நாள் சேராது. பிப்ரவரி 14 வரையிலான வட்டி முதல் காலாண்டில் வந்துவிட்டது. பிப்ரவரி 15 புதிய காலாண்டின் முதல் நாள். மார்ச் 31 அன்று இரவும் பணம் வங்கியில்தான் இருந்தது, அதனால் அந்த நாளும் சேரும். பிப்ரவரியில் 14 நாள், மார்ச்சில் 31 நாள், மொத்தம் 45.

எக்செல்லில் செய்வதாக இருந்தால் மார்ச் 31-ஐ விட்டுவிட்டு ஏப்ரல் 1-ஐப் போடுங்கள்:

```
=DATE(2025,4,1)-DATE(2025,2,15)
```

இதில் 45 வரும். பிப்ரவரி 29 வருகிற ஆண்டில் அந்த ஒரு நாளும் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

ஒரு நாள்தானே என்று விட்டுவிடலாமா? இந்த எஃப்.டி.யில் ஒரு நாள் வட்டி ரூ.400. தொகை பெரிதில்லை. ஆனால் பின்னால் வங்கி காட்டும் தொகையோடு ஒப்பிடும்போது அந்த ரூ.400 எங்கிருந்து வந்தது என்று தேடி அரை நாள் போகும்.

இதைவிடப் பெரிய தவறு வேறொன்று: எஃப்.டி. தொடங்கிய நவம்பர் 15-இலிருந்து மார்ச் 31 வரை எண்ணுவது. கூடியுள்ள வட்டி என்பது கடைசியாக வட்டி வந்த தேதிக்குப் பிறகு சேர்ந்தது மட்டும். எப்போதும் ஸ்டேட்மென்டில் கடைசி வட்டி வரவைக் கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

## 6. தொகையும் மார்ச் 31 பதிவும்

ரூ.20,00,000 × 7.30% × 45 ÷ 365 = ரூ.18,000.

இதை மொத்தத் தொகையாகவே எழுத வேண்டும். டி.டி.எஸ். போக எவ்வளவு கைக்கு வரும் என்று இப்போதே கழிக்கக் கூடாது. வருமானம் என்பது வரி பிடிக்கும் முன் உள்ள தொகை. வரி பிடித்தம் தனிப் பதிவு. குறிப்பேட்டில் 31-3-2025 தேதியிட்டு இப்படி எழுதுங்கள்:

கூடியுள்ள வட்டி — பற்று ரூ.18,000
வட்டி வருமானம் — வரவு ரூ.18,000

விவரக் குறிப்பில் எஃப்.டி. எண்ணின் கடைசி நான்கு இலக்கம், 15-2-2025 முதல் 31-3-2025 வரை, 45 நாள், 7.30% என்று எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு இந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருக்கலாம். ‘ஆண்டு முடிவு சரிக்கட்டு’ என்ற மூன்று சொல்லை வைத்து அவரால் எதையும் சரிபார்க்க முடியாது.

டாலியில் எழுதுகிறவர்கள் F7 அழுத்தி சாதாரண `Journal` பதிவாகவே போட வேண்டும். ‘கூடியுள்ள வட்டி’ பேரேட்டை `Current Assets` குழுவிலும், ‘வட்டி வருமான’த்தை `Indirect Incomes` குழுவிலும் திறந்துகொள்ளுங்கள். அங்கே `Reversing Journal` என்றும் ஒரு வகை இருக்கும். பெயரைப் பார்த்து, அடுத்த ஆண்டு தானாகத் திரும்பிவிடும் பதிவு இதுதான் என்று நினைத்து அதில் போட்டுவிடுகிறார்கள். அது `Scenario` அறிக்கைகளுக்கானது. வழக்கமான லாபநட்டக் கணக்கிலும் இருப்புநிலைக் குறிப்பிலும் அதன் தொகை வராது. பதிவு போட்டேன், லாபத்தில் ஏறவில்லையே என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பாருங்கள்.

இன்னொன்று: கூடியுள்ள வட்டியை எஃப்.டி. பேரேட்டிலேயே பற்று வைத்துவிடுவது. அப்படிச் செய்தால் எஃப்.டி. இருப்பு ரூ.20,18,000 என்று காட்டும். வங்கி தரும் இருப்புச் சான்றிலோ ரூ.20,00,000-தான் இருக்கும். வட்டி வெளியே வரும் எஃப்.டி.யில் அசல் மாறவே கூடாது.

## 7. அதே நாளில் வங்கி பிடிக்கும் டி.டி.எஸ்.

வட்டியே தரவில்லை, அதற்குள் எப்படி வரி பிடிப்பார்கள் என்று கேட்கலாம். பிடிப்பார்கள். 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 194ஏ பிரிவின்படி, வட்டியைக் கொடுக்கும்போது அல்லது வரவு வைக்கும்போது, எது முந்தியதோ அப்போது வரி பிடிக்க வேண்டும். வங்கி தன் புத்தகத்தில் ‘கொடுக்க வேண்டிய வட்டி’ என்றோ ‘சஸ்பென்ஸ்’ என்றோ எந்தப் பெயரில் வரவு வைத்தாலும், அது நம் கணக்கில் வரவு வைத்ததாகவே கொள்ளப்படும். அதனால் மார்ச் 31 அன்று வங்கி நம் ரூ.18,000-க்கும் 10% வரியாக ரூ.1,800 பிடித்திருக்கும்.

இது எல்லா எஃப்.டி.க்கும் நடக்காது. 2024-25-இல் ஒரு வங்கியிலிருந்து ஒருவருக்கு ஆண்டு முழுவதும் சேரும் வட்டி ரூ.40,000-ஐத் தாண்டினால்தான் பிடித்தம். ஏப்ரல் 1, 2025 முதல் அந்த வரம்பு ரூ.50,000 ஆனது. (தனிநபர்களில் மூத்த குடிமக்களுக்கு இரண்டு ஆண்டிலும் வரம்பு அதிகம்.) நம் கடைக்கு 36,500-ம் 18,000-ம் சேர்ந்து ரூ.54,500. வரம்பைத் தாண்டிவிட்டது. பான் எண் கொடுக்காதவர்களுக்கு 20% பிடிப்பார்கள், ஆகவே அது வங்கியில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அந்த ரூ.1,800 எங்கிருந்து போனது என்று ஸ்டேட்மென்டைப் பார்த்துத்தான் பதிவு போட வேண்டும். சில வங்கிகள் மார்ச் 31 அன்றே நடப்புக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். அப்படியானால் டி.டி.எஸ். பற்று, நடப்புக் கணக்கு வரவு. சில வங்கிகள் அடுத்த வட்டியைத் தரும்போது கழித்துக்கொள்ளும். நம் வங்கி இரண்டாவது வகை என்று கொள்வோம். அதற்கான பதிவு:

பெற வேண்டிய டி.டி.எஸ். 2024-25 — பற்று ரூ.1,800
கூடியுள்ள வட்டி — வரவு ரூ.1,800

வரியாகப் போன தொகை இனி வங்கியிடமிருந்து பணமாக வரப்போவதில்லை. அதை வரி அலுவலகத்திடம் கேட்டுப் பெறப்போகிறோம். அதனால்தான் ஒரு சொத்திலிருந்து இன்னொரு சொத்துக்கு மாற்றுகிறோம். வருமானம் ரூ.18,000 என்பதில் கை வைக்கவில்லை.

இப்போது 31-3-2025 அன்று லாபநட்டக் கணக்கில் வட்டி வருமானம் ரூ.54,500. இருப்புநிலைக் குறிப்பில் எஃப்.டி. ரூ.20,00,000, கூடியுள்ள வட்டி ரூ.16,200, பெற வேண்டிய டி.டி.எஸ். ரூ.5,450. ரூ.54,500-க்கு 10% சரியாக ரூ.5,450. இந்த விகிதம் பொருந்தவில்லை என்றால், வருமானத்திலோ வரியிலோ ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது. பத்து நொடியில் முடிகிற சோதனை இது, ஆனால் வட்டி எழுதும் தவறுகளில் பெரும்பகுதி இதில் சிக்கிவிடும்.

## 8. வட்டி அசலோடு சேரும் எஃப்.டி. என்றால்

இதில் ஆண்டு நடுவே பணமே வராது. முதிர்வு நாளில் மொத்தமாக வரும். அதனால் ஐந்தாண்டு எஃப்.டி.க்கு நான்கு ஆண்டு எதுவும் எழுதாமல், கடைசி ஆண்டில் முழு வட்டியையும் வருமானமாகக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர். ஆனால் வங்கி ஆண்டுதோறும் வரி பிடித்திருக்கும். வருமான வரி விதிப்படி, எந்த ஆண்டில் வருமானத்தைக் காட்டுகிறோமோ அந்த ஆண்டில்தான் அதற்கான டி.டி.எஸ்.ஸைக் கோர முடியும். வரியை ஆண்டுதோறும் கோரிவிட்டு வருமானத்தைப் பின்னால் தள்ளினால், அந்த முரண்பாடு துறையின் கணினியிலேயே தெரிந்துவிடும்.

இதே ரூ.20,00,000 சேர்ந்து வளரும் எஃப்.டி.யாக இருந்திருந்தால், பிப்ரவரி 15 அன்று வட்டி அசலோடு சேர்ந்திருக்கும். அப்போது நடப்புக் கணக்குக்குப் பதில் எஃப்.டி. பேரேட்டையே பற்று வைக்க வேண்டும். முன்பு அசல் மாறக் கூடாது என்றேன், இங்கே மாறத்தான் வேண்டும்.

எவ்வளவு சேர்ந்தது என்பதை வைப்பு விவரத்தில் பாருங்கள். வரியை எஃப்.டி.யிலிருந்தே பிடித்திருந்தால் ரூ.32,850 மட்டும் சேர்ந்திருக்கும். வரியை நடப்புக் கணக்கிலிருந்து எடுத்திருந்தால் முழு ரூ.36,500-ம் சேர்ந்திருக்கும். அடுத்த 45 நாள் வட்டி இந்தப் புதிய அசலுக்குத்தான். முதல் வகையில் ரூ.20,32,850-க்கு ரூ.18,296, இரண்டாவதில் ரூ.20,36,500-க்கு ரூ.18,329 வரும். பழைய ரூ.20,00,000-க்கே கணக்கிட்டால் ஒவ்வொரு ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, முதிர்வு நாளில் விளக்க முடியாத ஒரு பெரிய வித்தியாசமாக வந்து நிற்கும்.

மார்ச் 31 பதிவு மட்டும் இரண்டு வகை எஃப்.டி.க்கும் ஒன்றுதான். காலாண்டு முடியாத வட்டி இன்னும் அசலோடு சேரவில்லை, எனவே அது கூடியுள்ள வட்டியில்தான் இருக்க வேண்டும்.

## 9. மே 15 அன்று பணம் வரும்போது

நம் கடையின் உதாரணத்துக்குத் திரும்புவோம். 15-5-2025 அன்று காலாண்டு வட்டி ரூ.36,500. இதில் ரூ.18,000 போன ஆண்டினுடையது, மீதி ரூ.18,500 இந்த ஆண்டினுடையது. போன ஆண்டுப் பங்குக்கான வரி ரூ.1,800, இந்த ஆண்டுப் பங்குக்கான வரி ரூ.1,850. இரண்டும் போக நடப்புக் கணக்கில் விழுவது ரூ.32,850.

நடப்புக் கணக்கு — பற்று ரூ.32,850
பெற வேண்டிய டி.டி.எஸ். 2025-26 — பற்று ரூ.1,850
கூடியுள்ள வட்டி — வரவு ரூ.16,200
வட்டி வருமானம் — வரவு ரூ.18,500

பிப்ரவரியிலும் இதே ரூ.32,850-தான் வந்தது. அதனால்தான் போன தடவை பதிவை அப்படியே நகலெடுத்துத் தேதியை மாற்றிவிடுகிறார்கள். தொகை பொருந்திவிடுவதால் வங்கி ஒப்பீட்டிலும் மாட்டாது. ஆனால் வட்டி வருமானத்தில் ரூ.36,500 ஏறிவிடும், டி.டி.எஸ். ரூ.3,650-ம் புதிய ஆண்டுக்கே போய்விடும். பதிவுக்குப் பிறகு கூடியுள்ள வட்டிப் பேரேட்டைத் திறந்து பாருங்கள். பூஜ்யமாக இருந்தால் சரி. ரூ.16,200 இன்னும் நின்றால் நகல் வேலை நடந்திருக்கிறது.

கூர்ந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ஏப்ரல் 1 முதல் மே 14 வரை 44 நாள். நாளுக்கு ரூ.400 என்றால் ரூ.17,600-தானே வர வேண்டும், ரூ.18,500 எப்படி? முழுக் காலாண்டு முடிந்தால் வங்கி நாள்களை எண்ணாமல் ஆண்டு வட்டியை நான்கால் வகுத்துத் தருகிறது. பிப்ரவரி இருக்கும் காலாண்டில் நாள்கள் 89 மட்டும் என்பதால் ரூ.900 கூடுதலாக வருகிறது. இதற்காக மார்ச் 31 தொகையைத் திருத்த வேண்டாம். வந்த தொகையிலிருந்து ஏற்கெனவே எழுதியதைக் கழித்தால் மீதி முழுவதும் புதிய ஆண்டின் வருமானம்.

ஏப்ரல் 1 அன்றே எதிர்ப்பதிவு போட்டுவிட்டு, மே மாதம் வருவதை முழுக்க வருமானத்தில் எழுதும் வழக்கமும் உண்டு. டி.டி.எஸ். இல்லாத இடத்தில் அது வசதிதான். டி.டி.எஸ். குறுக்கே வந்தால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எதிர்ப்பதிவு ரூ.18,000-க்கா, மிச்சம் நிற்கும் ரூ.16,200-க்கா என்ற குழப்பம் உடனே வரும். மே மாதம் வருமானத்தில் எழுத வேண்டிய தொகையும் அதற்கேற்ப மாறும். நேரடியாகத் தீர்த்துவிடுவது தெளிவாக இருக்கிறது.

ஏப்ரலிலேயே கடைக்காரர் அவசரத்துக்கு எஃப்.டி.யை உடைத்துவிட்டால்? வங்கி விகிதத்தைக் குறைத்து மொத்தத்தையும் மறுபடி கணக்கிடும். நாம் எழுதிய ரூ.18,000-ஐவிடக் குறைவாகவே வரலாம். மார்ச் 31 அன்று எஃப்.டி. முழு விகிதத்தில்தான் இருந்தது, உடைக்கும் முடிவு அதன் பிறகு எடுத்தது. எனவே குறைவை உடைத்த ஆண்டின் கணக்கில் எழுதுங்கள்.

## 10. ஜூனில் 26ஏஎஸ் உடன் ஒப்பிடுதல்

மார்ச் காலாண்டுக்கான டி.டி.எஸ். விவரத்தை வங்கி மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான், நம் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் படிவம் 26ஏஎஸ் முழுமையாகும். ஏப்ரலில் இறக்கிப் பார்த்துவிட்டு மார்ச் 31 பிடித்தம் வரவில்லை என்று வங்கிக்கு அலைய வேண்டாம்.

ஜூன் நடுவில் இறக்கினால் நம் கடைக்கு இரண்டு வரிகள் இருக்க வேண்டும். 15-2-2025 தேதியில் ரூ.36,500-ம் அதற்கு வரி ரூ.3,650-ம், 31-3-2025 தேதியில் ரூ.18,000-ம் அதற்கு வரி ரூ.1,800-ம். இரண்டாவது வரியில் வங்கியின் தொகை சில ரூபாய் மாறியிருந்தால் அது முழுமைப்படுத்தலால் வந்தது, விட்டுவிடலாம். சரியாக ஒரு நாள் வட்டி வித்தியாசம் என்றால் நாள் எண்ணிக்கையை மறுபடி பாருங்கள். பெரிய வித்தியாசம் என்றால் நமக்குத் தெரியாத இன்னொரு எஃப்.டி. அதே பான் எண்ணில் இருக்கிறது என்று அர்த்தம். பங்குதாரர் யாராவது வங்கி உத்தரவாதத்துக்காகப் போட்டு மறந்த எஃப்.டி. இப்படித்தான் வெளியே வரும்.

26ஏஎஸ்-இல் இருப்பதுதான் வருமானம் என்று தலைகீழாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. வரம்புக்குக் கீழே வட்டி தரும் இன்னொரு வங்கி அதில் வராமலே போகலாம். அந்த வங்கியின் எஃப்.டி.க்கும் மார்ச் 31 பதிவு உண்டு.

## 11. பதிவு போட வேண்டியதும் கூடாததும்

எஃப்.டி.யோடு நின்றுவிடாமல் இன்னும் ஓரிடம் பாருங்கள். மின் இணைப்புக்காகக் கட்டிய காப்புத் தொகைக்கு மின்வாரியம் வட்டி தர வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் சொல்கிறது. பெரும்பாலும் அது பில்லில் கழிவாகத்தான் வரும், பணமாகக் கையில் வராததால் யாரும் வட்டியாக எழுதுவதில்லை. அரிசி ஆலை, நூற்பாலை போன்று பெரிய காப்புத் தொகை கட்டிய இடங்களில் இது நல்ல தொகை.

வருமா என்றே தெரியாத வட்டிக்குப் பதிவு போடாதீர்கள். தெரிந்தவருக்குக் கொடுத்த கைமாற்றில் இரண்டு ஆண்டாக வட்டியே வரவில்லை, அசலே சந்தேகம் என்ற நிலையில், மூன்றாம் ஆண்டும் கூடியுள்ள வட்டி எழுதினால் இல்லாத லாபத்தைக் காட்டுவதாகும். வசூல் நிச்சயமில்லாதபோது வருமானத்தை ஒத்திவைக்கவே தரநிலை 9 சொல்கிறது. ஏற்கெனவே எழுதியது வராது என்று தெரிந்தால் மட்டும் வழி வேறு: பழைய வருமானத்தைத் திருத்தக் கூடாது, வாராக்கடனாகத் தள்ள வேண்டும்.

வருமான வரி திரும்ப வரும்போது அதோடு சேர்ந்து வரும் வட்டிக்கும் மார்ச் 31-இல் பதிவு தேவையில்லை. வரிக் கணக்குக்கு அது கைக்கு வந்த ஆண்டின் வருமானமாகவே கொள்ளப்படுகிறது. நம் பேரேட்டில் நிற்கும் ரூ.5,450 டி.டி.எஸ்.ஸில் ஒரு பகுதி வட்டியோடு திரும்பி வந்தால், அந்த வட்டியைத் தனியாகப் பிரித்து, வந்த தேதியில் வருமானமாக எழுதினால் போதும்.